பின்கதவால்

மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி. அட்டையில் நீல மையில் 'அம்மாவின் ஆட்டைத் திவச மலர்' என்று எழுதி, கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு. ஓய்வுபெற்ற வாத்தியார். கோடு இல்லாமல் தலைப்பு எழுதமாட்டார்.

மாங்கேணி. திருகோணமலை வீதிக்கு மேற்கே, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த 500 சதுர அடி வீடு. வெளியே மரமுந்திரிகை நிழல். பஸ் போகும்போது சன்னல் கண்ணாடி அதிர்கிறது. வாத்தியார் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். அதிர்வு நின்றதும் எழுதுகிறார்.

முதல் பக்கம் முழுவதும் ஆண்டுகள். 1931 பிறப்பு. 1948 விவாகம். 1950, 1953, 1957 பிள்ளைகள். 1971 கணவர் மறைவு. 1978 நவம்பர் 23 சூறாவளி. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2006 இடம்பெயர்வு. 2022 சிவபதம்.

1978க்கும் 2004க்கும் நடுவே ஒரே வரி: 'இக்காலப் பகுதியில் அன்னார் சிறந்த இல்லத்தரசியாக வாழ்ந்தார்.'

இருபத்தாறு ஆண்டுகள். ஒரு முற்றுப்புள்ளி.

வாசற்படியில் அக்கா. வெற்றிலை வட்டாவை மடியில் வைத்திருக்கிறாள். வாத்தியார் உரக்க வாசிக்கிறார், மேடையில் வாசிப்பதுபோல. அக்கா பாக்கை வெட்டிக்கொண்டு கேட்கிறாள். வாசித்து முடிகிறது. பாக்குவெட்டி இன்னும் இரண்டு முறை சத்தம் போடுகிறது.

"இது ஆர்ர கதை தம்பி? புயல்ர கதையா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"அம்மா எங்க இதுக்குள்ள?"

திவச மலர்கள் எல்லாம் இப்படித்தான். அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கட்டுக் கிடக்கிறது. பிறந்த ஊர், படித்த பள்ளி, வகித்த பதவி, கண்ட வெளிநாடு. உத்தியோகம் பார்த்த ஆண்களுக்கு அந்தச் சட்டை பொருந்துகிறது. இடமாற்றம் வரும், பதவி உயர்வு வரும், வருசத்துக்கு ஒரு வரி நிச்சயம். வளவை விட்டு அதிகம் வெளியே போகாத ஒருத்திக்குப் பிறப்பும் கல்யாணமும் பிரசவங்களும் சாவும் மிஞ்சுகின்றன. மிச்ச இடத்தைப் புயலும் கடலும் வந்து நிரப்புகின்றன.

மாலையில் அக்காவின் மகள் வருகிறாள். சித்திர ரீச்சர். கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவள். கைப்பையில் போட்டோக் கொப்பித் தாள்கள்.

தாள்களில் வீட்டுப் படங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலின் பக்கங்கள். இடம்பெயர்ந்த 80 பேர், விட்டுவந்த தங்கள் வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து கையால் வரைந்திருக்கிறார்கள். அதே வீட்டைக் கட்டடக் கலைஞரின் நேர்கோடுகளிலும் காணலாம். பிறகு ஓவியரின் சித்திரம், வீட்டுக்காரர் சொன்ன சில வரிகள். தோம்பு என்பது போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. இந்தத் தோம்பில் காணிக்காரரே எழுத்தர்.

வாத்தியார் தாள்களைப் புரட்டுகிறார். அடிமட்டத்தை எடுக்கிறார்.

"அடிமட்டம் வேணாம் மாமா. கையால கீறுங்க."

அடிமட்டம் மேசையின் ஓரத்துக்குப் போகிறது. கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

முதல் கோடு விறாந்தை. பிறகு நடுவீடு. இடது பக்கம் பெரிய அறை, வலது பக்கம் சின்ன அறை. பின்னால் தனியாகக் குசினி. அதற்கும் பின்னால் கிணறு, வேலி, கடப்பு. நாலு நிமிசத்தில் வீடு எழும்பி நிற்கிறது. விறாந்தை தாளில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குசினி தீப்பெட்டி அளவு.

அக்கா எட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பைத் தடவுகிறாள்.

இரண்டாவது எழுத்து விறாந்தையிலிருந்து புறப்படுகிறது. சாய்மனைக் கதிரை, அப்பாவின் சுருட்டு, வந்துபோன விதானையார், பஞ்சாயத்துப் பேச்சு. மூன்று பக்கம். பிறகு நடுவீடு. சாமிப் படங்கள், மணிக்கூடு, கல்யாணப் பேச்சு. இரண்டு பக்கம். அம்மா ஐந்தாம் பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு வருகிறாள். வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

"முன்கதவால ஆர் வந்த? நீயும் அப்பாவும் வந்த. விதானையார் வந்த." அக்கா எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்காருகிறாள். "அம்மா ஒருநாளும் முன்கதவால வரல்ல."

அறை அறையாக எழுதுகிறவர் முதலில் தீர்க்கவேண்டிய காரியம் இது. எந்தக் கதவு? பாதை மாறினால் ஆள் மாறுகிறார். முன்வாசலால் புகுந்தால் அது விருந்தாளியின் வீடு. எல்லா அறையும் வரவேற்கிறது, எல்லாப் பொருளும் துடைத்து வைத்திருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆண் கல்யாணம் முடித்து மனைவியின் வளவுக்குப் போகிறவன். வாத்தியாரும் 1980இல் வாழைச்சேனைக்குப் போனவர். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவரும் விருந்தாளிதான். விறாந்தை பெருத்திருப்பதற்குக் காரணம் தாளிலேயே தெரிகிறது.

தாள் திருப்பப்படுகிறது. பின்பக்கத்தில் புதிய படம். இந்த முறை பென்சில் வேலிக் கடப்பில் தொடங்குகிறது. கடப்பு, கிணற்றடி, குசினி. குசினி உள்ளங்கை அளவு வருகிறது. விறாந்தை தாளின் விளிம்பில் நசிகிறது.

மூன்றாவது எழுத்து. குசினி.

மூன்று கல் அடுப்பு இருந்தது. பக்கத்தில் விறகு இருந்தது. உறி இருந்தது. சுளகு இருந்தது. அம்மி இருந்தது. மண்பானைகள் இருந்தன. சுவரில் அரிக்கன் லாம்பு இருந்தது. பன்பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

சித்திர ரீச்சர் சிவப்புப் பேனையால் 'இருந்தது' எல்லாவற்றையும் வட்டம் போடுகிறாள். பக்கம் அம்மை போட்டதுபோல் ஆகிறது. வாத்தியார் நாற்பது வருசம் அடுத்தவர் கொப்பியில் போட்ட வட்டங்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுவழி எழுத்து எப்போதும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. அறைக்குள் போனதும் கண் சாமான்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஏலத்துக்கு எடுத்த வீடுபோல் பட்டியல் நீள்கிறது. எந்தப் பொருளிலாவது ஒரு கை படுகிறதா என்று பார்க்கவேண்டும். கை படாத பொருள் வெளியே போகலாம்.

ரீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். உறி?

"உறியில தயிர்ச்சட்டி. பூனை எட்டாத உயரம். தம்பி எட்டுற உயரம்," என்கிறாள் அக்கா. "அம்மாக்குத் தெரியும். கயித்தக் கட்டி உசத்தவே இல்ல."

வாத்தியார் குனிந்து எழுதுகிறார். உறி நிற்கிறது.

சுளகு? யாருக்கும் ஒன்றும் வரவில்லை. சுளகு அடிபடுகிறது.

பன்பாய்?

இங்கே அக்காவின் கை வட்டாவில் நிற்கிறது. 1973இல் அவளுக்குக் கல்யாணம். வீடு அவளுக்கு. பெரிய அறை அவளுக்கும் மாப்பிள்ளைக்கும். அன்று இரவே அம்மா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போகிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. ஊர் வழமை. 1973 முதல் 2004 வரை அடுப்பிலிருந்து நாலு முழத்தில் அவளுடைய படுக்கை.

முதல் எழுத்தில் இருபத்தாறு ஆண்டுக்கு ஒரு வரி. அந்த ஆண்டுகள் எல்லாம் இந்தப் பாயில் கிடக்கின்றன. காலவரிசையில் பாய்க்கு இடம் இல்லை. பாய் ஒருநாள் நடந்த சம்பவம் அல்ல. ஒவ்வொரு இரவும் விரிகிறது, ஒவ்வொரு விடியலிலும் சுருள்கிறது. அறைக்குள்தான் அதற்கு இடம் கிடைக்கிறது.

வாத்தியார் பக்கத்தைத் திருப்பவில்லை. அக்கா தொடர்ந்து சொல்கிறாள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அம்மா மேற்குச் சன்னலில் அந்தப் பாயையே கட்டுகிறாள், அடுப்புத் தீ பறக்காமல். இரவில் அவிழ்த்து அதிலேயே படுக்கிறாள். பாயில் புகை மணம். பேரப்பிள்ளைகள் அந்த மணத்துக்காகவே அம்மம்மாவோடு படுக்கப் போகிறார்கள். ரீச்சர் தலையாட்டுகிறாள். அவளும் அதில் படுத்தவள்.

"இது எந்த வருசம்?" வாத்தியார் கேட்கிறார். பழக்கம்.

"வருசம் என்ன வருசம். கிடுகுக் கூரையில எண்டா புயலுக்கு முன்ன. தகரம் எண்டா மறுகா."

அது போதுமாக இருக்கிறது. 1978 சூறாவளி குசினிக் கூரையைக் கொண்டுபோனது. பிறகு தகரம். ஒரு முறை மட்டும் ஆண்டைச் சொல்லிவிட்டால் அதன்பின் கூரையே நாட்காட்டி. கிடுகுக்குள் நடந்தது முன்னால், தகரத்தில் மழை விழும் சத்தத்தோடு நடந்தது பின்னால். நடுவீட்டுக்கு வேறு நாட்காட்டி: அரிக்கன் லாம்பு, பெற்றோல்மக்ஸ், பிறகு மின்குமிழ். அறைக்கு அறை ஆண்டு முன்பின்னாகப் போகிறது. வாசிக்கிறவருக்குக் காலுக்கடியில் நிலம் இருக்கிறது, தடுமாறுவதில்லை. வாத்தியார் ஓரத்தில் ஆண்டுகளைப் பென்சிலால் குறித்து வைக்கிறார். அச்சுக்குப் போகுமுன் அழிக்கலாம்.

மறுநாள் காலை மூன்று பேரும் வீதியைக் கடந்து கிழக்கே நடக்கிறார்கள். மணல். அடம்பன் கொடி. வாத்தியார் கையில் அளவு நாடா, ரீச்சர் கையில் படம், அக்கா கையில் செருப்பு.

பழைய வளவு கடலிலிருந்து 200 மீற்றருக்குள். சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் அந்த எல்லைக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பின்னர் எல்லை தளர்ந்தது. அதற்குள் ஆட்கள் மேற்கே போய்விட்டார்கள். அதனால் அத்திவாரம் அப்படியே கிடக்கிறது. மணல் மூடிய சீமெந்து வரி. வாத்தியார் காலால் தட்டிக்கொண்டு போகிறார்.

விறாந்தையின் அகலம் தாளில் பன்னிரண்டு அடி. நாடா ஏழரை அடி சொல்கிறது. வாத்தியார் நாடாவை இன்னொரு முறை பிடிக்கிறார். ஏழரை.

குசினிக்கு அத்திவாரம் இல்லை. மண்சுவர். கடல் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கல் வைத்துக் கட்டிய ஆண்களின் பக்கம் அளக்கக் கிடைக்கிறது. அம்மா முப்பது வருசம் கிடந்த பக்கம் அக்காவின் வாயில் மட்டும் இருக்கிறது.

ரீச்சர் படத்தைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டின் பின்சுவர் வழியே நடக்கிறாள். நிற்கிறாள். திரும்ப நடக்கிறாள்.

"மாமா, இதில கதவு எங்க?"

படத்தில் நடுவீட்டிலிருந்து குசினிக்கு ஒரு கதவு. அத்திவாரத்தில் பின்பக்கம் படி இல்லை, நிலைக்கல் இறக்கிய பள்ளம் இல்லை. ஒரே நேராகக் கட்டு ஓடுகிறது. பக்கச் சுவரில்தான் படி இருக்கிறது, கிணற்றுப் பக்கமாக.

"பின்னால கதவே இல்லடா," என்கிறாள் அக்கா. "ஒரு பொட்டுச் சன்னல் இருந்திச்சு. அதால கோப்பை நீட்டுவா. வீடு எனக்குத் தந்த வீடு. எனக்குத் தெரியாதா?"

வாத்தியார் சுவர் இருந்த வரியில் நிற்கிறார். கொப்பியின் ஆறாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. 1971, அப்பாவின் கடைசி நாள். அப்பா நடுவீட்டில் கட்டிலில். அம்மா குசினிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், அழவில்லை, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். நல்ல பத்தி. வாசித்தபோது அவர் குரல் தடித்தது.

கதவு இல்லை. சாய ஒரு நிலை இல்லை. சேலைத் தலைப்பும் இல்லை.

"அம்மா பாக்கல்ல தம்பி. உலையில அரிசி போட்டுக்கொண்டு நிண்டவ. நீ கத்தின சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தா. இப்பிடி, சுத்தி."

அக்கா செருப்பைக் கீழே போடுகிறாள். குசினி இருந்த இடத்திலிருந்து நடக்கத் தொடங்குகிறாள். கிணற்றுப் பக்கம் திரும்பி, பக்கப்படியில் ஏறி, நடுவீட்டுக்குள் வருகிறாள். ரீச்சர் எண்ணுகிறாள். பத்தொன்பது அடி வைப்பு. எழுபதைத் தாண்டிய கால்களுக்குப் பத்தொன்பது. நாற்பது வயது அம்மா ஓடினால் குறைவாக இருக்கும்.

எந்த ஆண்டு, எந்தத் திகதி என்று கேட்டிருந்தால் அந்தப் பத்தி பிழையில்லை. திகதி சரி, ஆட்கள் சரி, சாவு சரி. எங்கே நின்றாள் என்று கேட்டதும் பத்தி விழுகிறது. நின்ற இடத்திலிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது, எந்தச் சத்தம் கேட்கும் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. நினைவு எங்கோ பார்த்த சினிமாக் காட்சியிலிருந்து ஒரு கதவைக் கடன் வாங்கியிருக்கலாம்.

வாத்தியார் அத்திவாரத்திலேயே உட்கார்ந்து பத்தியை அடிக்கிறார். புதிதாக எழுதுகிறார். உலை கொதிக்கிறது. சன்னல் பொட்டு. சத்தம். பத்தொன்பது அடி. வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. மூன்றே வரி. இந்த முறை உரக்க வாசிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ரீச்சர் ஒரு கிரேக்கக் கதை சொல்கிறாள். சிமோனிடிஸ் என்று ஒரு கவிஞர். விருந்து மண்டபத்திலிருந்து அவர் வெளியே போன நேரத்தில் கூரை இடிந்து விழுகிறது. உள்ளே இருந்தவர்களின் முகம் அடையாளம் இல்லை. யார் எங்கே இருந்தார்கள் என்பதை வைத்து அவர் ஒவ்வொரு உடலுக்கும் பெயர் சொல்கிறார். இடத்தில் வைத்தால் நினைவு நிற்கும் என்ற வித்தை அங்கிருந்து பிறந்ததாகச் சிசரோ எழுதியிருக்கிறார். பேச்சாளர்கள் மனசுக்குள் ஒரு வீட்டைக் கட்டி, பேச்சின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு மூலையில் வைத்து, மேடையில் அந்த வீட்டுக்குள் நடந்து எடுத்துக்கொள்வார்களாம்.

அக்கா முழுவதையும் கேட்கிறாள்.

"அது கூரை மனே. இருந்த இடத்திலேயே விழுந்திருக்கு. கடல் ஆரையும் இருந்த இடத்தில விடல்லையே."

வீதி வருகிறது. ஒரு பஸ் போகும்வரை மூவரும் நிற்கிறார்கள்.

பிற்பகலில் வேறொரு முடிச்சு. வீட்டுக்குள் நடக்காதவற்றை எங்கே வைப்பது? 2005இல் கூடாரம். 2006 கடைசியில் சண்டை வாகரைப் பக்கம் இறுகியபோது தெற்கே ஓட்டம். 2007இல் திரும்பி வந்தது. முகாமுக்கு அறை இல்லை. வாத்தியார் தனியாக ஒரு பகுதி தொடங்கி, 'இடம்பெயர் வாழ்வு' என்று தலைப்பிட்டு, கீழே இரண்டு கோடும் போடுகிறார். உடனே திகதிகள் வரிசையாக வந்து உட்காருகின்றன. அம்மா மறுபடியும் காணாமல் போகிறாள்.

ரீச்சர் தாயைப் பார்க்கிறாள். "முகாமில அம்மம்மா எங்க சமைச்ச?"

"கூடாரத்துக்குப் பின்னால. மூண்டு கல்லு வச்சா. இடப்பக்கம் விறகு, வலப்பக்கம் தண்ணி. மேற்கால பாய். நம்மட குசினி மாதிரியே."

தலைப்பு அடிபடுகிறது. முகாம் குசினிக்குள் வருகிறது. மூன்று கல், இடது பக்கம் விறகு என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே, அதே மூன்று கல்லை அவள் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் வைத்தாள் என்று ஒரு வாக்கியம். ஓட்டம் முழுவதும் அந்த வாக்கியத்துக்குள் அடங்கவில்லை. ஷெல் சத்தமும் நடந்த தூரமும் வெளியே நிற்கின்றன. வீட்டுவழி எழுதுவதில் இந்த நட்டம் உண்டு. சந்தை, ஆஸ்பத்திரி, தெரு எல்லாம் வாசற்படி வரைதான் வரும். வாத்தியார் அதைப் பற்றி வெகுநேரம் யோசிக்கிறார். பிறகு கடப்படிக்கு இரண்டு பத்தி கூட்டுகிறார். அம்மா அங்கே நின்று எதிர்பார்த்த ஆட்கள், வந்தவர்கள், வராதவர்கள்.

கடைசியாகச் சின்ன அறை. வாத்தியார் பேனையோடு தயாராக இருக்கிறார்.

"அது வேணாம்."

"ஏன் அக்கா?"

"அது வேணாம் எண்டா வேணாம்."

ரீச்சர் தாளைப் பார்க்கிறாள். அக்கா வட்டாவை மூடுகிறாள். படத்தில் சின்ன அறைக்கு நாலு கோடு இருக்கிறது. அழிக்கவில்லை. கொப்பியில் அதற்கு ஒரு வரி: 'நடுவீட்டுக்கு வலப்புறம் ஒரு சின்ன அறை.' அடுத்த பத்தி பெரிய அறைக்குப் போய்விடுகிறது.

வாழைச்சேனை அச்சகத்திலிருந்து போன். மலருக்கு மாதிரிப் படிவம் இருக்கிறதாம். தோற்றம், மறைவு, ஒரு விளக்குப் படம், கீழே வரலாறு. வாத்தியார் 1931ஐயும் 2022ஐயும் சொல்கிறார். அட்டைக்கு அவை போதும் என்கிறார். வரலாற்றுக்கு ஒரு படம் தருவதாகச் சொல்கிறார். அச்சகக்காரர் அம்மாவின் போட்டோ என்று நினைக்கிறார். வாத்தியார் திருத்த இரண்டு முறை முயல்கிறார். "வீட்டுப் படம். கீறின படம். இல்ல, கட்டப்போற வீடு இல்ல."

படம் மேசையில் விரிந்திருக்கிறது. மையால் நிரந்தரமாகக் கீறும் வேலை ரீச்சருக்கு. கடப்பு முடிந்தது. குசினி முடிந்தது. பக்கப்படி முடிந்தது. பேனை கிணற்றுக்கு வருகிறது.

"கிணறு வடக்கால," என்கிறார் வாத்தியார்.

"கிழக்கால," என்கிறாள் அக்கா.

"வடக்கால அக்கா. நான் விழப் பாத்த கிணறு."

"தண்ணி அள்ளின நான்."

காலையில் மூவரும் அந்த வளவில் ஒரு மணி நேரம் நின்றார்கள். கிணற்றைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. இனி நாளைக்குத்தான் போகலாம். அச்சகம் இன்று கேட்கிறது. ரீச்சர் வடக்கே ஒரு வட்டம், கிழக்கே ஒரு வட்டம் போடுகிறாள். ஒன்றைப் புள்ளிக்கோட்டால், மற்றதை முழுக்கோட்டால்.

அக்கா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, எது முழுக்கோடு என்று பார்க்கிறாள்.